மகளின் இயர்போனும் பஸ்ஸில் போகும் ஒன்பது மணி நேரமும்

போன வருடம் ஒரு சாயங்காலம் மகள் பள்ளி விட்டு வந்து பையை இறக்கி வைத்ததும் சொன்னாள்: "அப்பா, ரெண்டு காதுலயும் பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு. உள்ள ஙொய்ன்னு ஒரு சத்தம்." ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். சளியாக இருக்கும் என்று அவள் அம்மா ஆவி பிடிக்கச் சொன்னாள். மறுநாள் காலையில் எல்லாம் சரியாகிவிட்டது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே புகார், அதே சாயங்கால நேரத்தில். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் இல்லாமல் சாயங்காலத்தில் மட்டும் வருகிற சளி எது?

அன்றே ஆறு மணிக்குக் காது டாக்டரிடம் போனோம். காதில் அழுக்கு இல்லை, சவ்வு நன்றாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு, கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து ஆடியோகிராம் எடுத்தார்கள். ஒவ்வொரு சுருதியும் கேட்கத் தொடங்க எத்தனை டெசிபல் வேண்டும் என்று காட்டும் வரைபடம் அது, எண் கூடினால் கோடு கீழே இறங்கும், கேட்பது குறைகிறது என்று அர்த்தம். வரைபடத்தில் எல்லாப் புள்ளிகளும் 10 டெசிபல் கோட்டை ஒட்டியிருக்க, 4000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த சுருதியின் இடத்தில் மட்டும் வலது காது 25க்கு இறங்கியிருந்தது. டெஸ்ட் எடுத்த செவித்திறன் நிபுணர் அந்தப் பள்ளத்தைப் பேனாவால் தட்டி, "பஸ்ல இயர்போன் போடுவியாம்மா?" என்று நேராகக் கேட்டார். அதிகச் சத்தம் கேட்ட காதில் முதலில் அடி வாங்குவது 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதிதானாம். உள்காதில் இருக்கும் மயிர்ச்செல்கள் களைத்துப்போனால் சில மணி நேரத்தில் தேறிவிடும். செத்துப்போனால் திரும்ப முளைக்காது. பத்து நாள் இயர்போன் இல்லாமல் இருந்துவிட்டு, முந்தைய இரவு அமைதியாகத் தூங்கி எழுந்து, காலையில் வரச் சொன்னார். அந்த இரண்டாவது டெஸ்டில் பள்ளம் 10க்கு ஏறிவிட்டது. "திரும்பி வந்துட்டா ஒண்ணும் ஆகலைன்னு அர்த்தம் இல்ல சார், அடிக்கடி நடந்தா ஒருநாள் திரும்ப வராது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கமான அப்பாவாக நான் செய்ய நினைத்தது இயர்போனைப் பிடுங்கி பீரோவில் வைப்பதைத்தான். நல்லவேளை, அதற்கு முன்னால் எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம் என்று பார்த்தேன். பார்த்த பிறகு என் எண்ணமே மாறிவிட்டது.

அவள் கையில் இருப்பது அத்தை கொடுத்த பழைய ஐபோன், அதன் கூடவே வந்த வெள்ளை ஒயர் இயர்போன். ஐபோன் நமக்குத் தெரியாமலே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. `Health` செயலியில் `Hearing` என்று தேடி `Headphone Audio Levels` திறந்தால், எந்த நாள் எந்த மணிக்கு எத்தனை டெசிபலில் கேட்டார்கள் என்று கோடுகோடாக இருக்கும். ஒரு நாளை விரித்துப் பார்த்தால் மணிவாரியாகத் தெரியும். காலை எட்டு மணிக் கோடு 90ஐத் தொட்டு நின்றது, சாயங்காலம் ஐந்து மணிக் கோடும் அப்படியே. இரவு எட்டு மணிக்கு டியூஷன் வீடியோ பார்க்கும்போது 72தான். ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு 81.

பயணம் காலையில் 45 நிமிடம், மாலையில் 45 நிமிடம், வாரத்துக்கு ஆறு நாள். மொத்தம் ஒன்பது மணி நேரம். டியூஷன் வீடியோ ஆறு மணி நேரம், வார இறுதிப் பாட்டு நான்கு மணி நேரம். இத்தனை நாளும் "எப்பப் பாத்தாலும் காதுல மாட்டிட்டே இரு" என்று நாங்கள் திட்டியது அந்த டியூஷன் வீடியோவையும் ஞாயிற்றுக்கிழமையையும் பார்த்துத்தான். ஏனென்றால் அவைதான் எங்கள் கண் முன்னால் நடக்கின்றன.

இனி கணக்கு. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட வரையறையில் பெரியவர்களுக்கு ஒரு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம் என்று இருக்கிறது. இதோடு ஒரு விதியும் உண்டு: சத்தம் மூன்று டெசிபல் கூடினால் அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகும். டெசிபல் நம் ஸ்கேல் மாதிரி நேர்க்கோட்டில் போகாது. மூன்று கூடினாலே சத்தத்தின் சக்தி இரட்டிப்பாகிவிடும், அதனால் இந்த விதி. ஆக ஒரு குழந்தைக்கு 78இல் 20 மணி நேரம், 81இல் 10, 84இல் 5, 87இல் இரண்டரை, 90இல் ஒன்றேகால் மணி நேரம்.

இதை என் மகளுக்குப் போட்டுப் பார்த்தேன். பஸ்ஸில் 90இல் ஒன்பது மணி நேரம். அனுமதி ஒன்றேகால் மணி நேரம்தான், அதாவது வாரப் பங்கைப் போல ஏழு மடங்குக்கு மேல். ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு 81இல் நான்கு மணி நேரம், அது பங்கில் 40 சதவீதம். டியூஷன் 72இல் ஆறு மணி நேரம், அதற்கு அனுமதி 80 மணி நேரம் என்பதால் 7.5 சதவீதம். நாங்கள் தினமும் சண்டை போட்ட டியூஷன் வீடியோ கணக்கிலேயே வராத அளவுக்குச் சிறியது. கண்ணில் படாத பஸ்தான் மொத்தத்தையும் தின்றிருந்தது.

பஸ்ஸில் ஏன் 90? அவள் சத்தப் பைத்தியம் இல்லை. டவுன் பஸ்ஸின் இன்ஜின் உறுமல், ஹாரன், டிரைவர் போட்டிருக்கும் பாட்டு எல்லாவற்றையும் தாண்டி அவள் பாட்டு கேட்க வேண்டும். அந்த வெள்ளை இயர்போன் காதின் வாயிலில் சும்மா தொங்குகிற ரகம், காதை அடைக்காது. வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும். அதை அமுக்க வால்யூம் ஏறும். வீட்டில் அதே பாட்டை அதே வால்யூமில் வைத்துக் காட்டியபோது அவளே இயர்போனைக் கழற்றி எறிந்தாள். "ஐயோ, இவ்ளோ சத்தமாவா கேட்டேன்?"

சரி, எல்லை வைப்போம் என்று உட்கார்ந்தேன். ஐபோனில் `Settings` → `Sounds & Haptics` → `Headphone Safety` → `Reduce Loud Audio`. பழைய பதிப்புகளில் கடைசிப் பெயர் `Reduce Loud Sounds` என்று இருக்கும். அதை ஆன் செய்தால் 75 முதல் 100 டெசிபல் வரை நகர்த்தும் ஒரு கோடு வரும். பிள்ளை அதை மாற்றாமல் இருக்க `Screen Time` போய், `Content & Privacy Restrictions` உள்ளே கீழே இறங்கி, அதே `Reduce Loud Audio` பெயரைத் தொட்டு `Don't Allow` கொடுக்க வேண்டும். `Screen Time` பாஸ்கோடு பிள்ளைக்குத் தெரியாததாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் முதலில் என் பைக் நம்பரை வைத்தேன். அது ஒரே நாளில் உடைந்தது.

இந்த எல்லை எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நிறைய பேர் குழம்புவது இங்கேதான். வால்யூம் பொத்தானுக்கு மூடி போடுவது ஒன்று, காதுக்கு வரும் சத்தத்துக்கு மூடி போடுவது வேறு. ஐபோன் செய்வது இரண்டாவது. டியூஷன் வீடியோவில் சார் மைக்கை விட்டுத் தள்ளி நின்று கரும்பலகையைப் பார்த்தே பேசுவார். அந்தக் குரல் கேட்க வால்யூமை முழுக்க ஏற்றினாலும் காதுக்கு வருவது 70 சொச்சம்தான், அதனால் ஐபோன் தடுக்காது. வீடியோ முடிந்ததும் விளம்பரம் பளாரென்று அறையுமே, அதை மட்டும் அமுக்கும். பொத்தானுக்கு மூடி போடும் போன்களில் இது நடக்காது. அங்கே பாட்டுக்கு ஏற்ற மாதிரி எல்லை வைத்தால் சார் பேசுவது கேட்காது. சார் பேசுவது கேட்கிற மாதிரி வைத்தால் விளம்பரம் அறையும்.

முதல் நாள் 75இல் பூட்டி அனுப்பினேன். சாயங்காலம் வந்தவள் முகம் தூக்கி வைத்துக்கொண்டு, "பஸ்ல ஒண்ணுமே கேக்கல. எதுக்கு இந்த போன்?" என்றாள். அவள் சொன்னது நியாயம். வெளியே அத்தனை இரைச்சல் இருக்க, அடைக்காத இயர்போனில் 75 டெசிபல் பாட்டு எங்கே கேட்கும்? மூன்றாம் நாள் தோழியிடம் ஒரு ப்ளூடூத் இயர்பட்ஸ் கடன் வாங்கினாள். அதில் சத்தம் தாராளமாக வந்தது, பூட்டு அப்படியே இருக்கும்போதே.

அது எப்படி என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு சனிக்கிழமை போனது. திரையின் மேலிருந்து இழுத்து வரும் `Control Center`இல் காது படம் ஒன்றைச் சேர்க்கலாம், அதன் பெயர் `Hearing`. பாட்டு ஓடும்போது அதைத் தொட்டால் இப்போது எத்தனை டெசிபல் என்று காட்டும். தோழியின் இயர்பட்ஸ் போட்டால் அங்கே எண்ணே வரவில்லை. `Settings` → `Bluetooth` போய் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள `i` குறியைத் தொட்டு `Device Type` பார்த்தால், அது ஸ்பீக்கர் என்று பதிவாகியிருந்தது. ஹெட்போன் என்று பதிவானவற்றுக்குத்தான் அளவும் எல்லையும். அதை `Headphone` என்று மாற்றியதும் காது படத்தில் எண் வந்தது, சத்தமும் இறங்கியது. புது இயர்போன் எதைச் சேர்த்தாலும் நான் இப்போது முதலில் பார்ப்பது இந்த இரண்டையும்தான். இன்னொன்று, போன் பேசும் சத்தம் இந்த வாரக் கணக்கில் சேராது, பாட்டும் வீடியோவும்தான்.

பூட்டு மட்டும் போதாது, பஸ் இரைச்சலை வெளியே நிறுத்த வேண்டும் என்பது புரிந்தது. காதை அடைக்கிற, சிலிக்கான் முனை உள்ள ஒயர் இயர்போன் ஒன்று வாங்கினோம். அதோடு சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி முனைகள் வரும். எல்லோரும் ஏற்கெனவே மாட்டியிருக்கும் நடுத்தர முனையையே போட்டுக்கொள்வார்கள். இவளுக்கு வலது காதுக்கு நடுத்தரம், இடதுக்குச் சின்னதுதான் பொருந்தியது. பொருந்தியதை அறிய ஒரு வழி உண்டு. மாட்டிக்கொண்டு பாட்டுப் போடாமல் பேச வேண்டும். தன் குரல் தொட்டிக்குள்ளிருந்து வருவது போல் கேட்டால் அடைத்திருக்கிறது. எப்போதும் போலவே கேட்டால் இடைவெளி இருக்கிறது. சத்தம் நீக்கும் இயர்போன்கள் இன்ஜின் உறுமலை இன்னும் நன்றாகக் குறைக்கும், ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த விலை எனக்கு மனசு வரவில்லை.

காதை அடைக்கும் இயர்போனில் ஒரு ஆபத்தும் உண்டு. பின்னால் வரும் வண்டி கேட்காது. அதனால் பஸ்ஸுக்குள் உட்கார்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும், இறங்குவதற்கு ஒரு நிறுத்தம் முன்பே கழற்ற வேண்டும். இதில் மட்டும் நான் பேரம் பேசவில்லை.

மற்றதெல்லாம் பேரம்தான். நான் கணக்குப் போட்ட தாளை அவளிடமே கொடுத்தேன். காலையில் தோழிகளோடு உட்கார்ந்து வருவதால் இயர்போன் வேண்டாம் என்று அவளே விட்டுக்கொடுத்தாள். பதிலுக்கு எல்லையை 75இலிருந்து 80க்கு உயர்த்தச் சொன்னாள். ஒப்புக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து `Health` கோடுகளைப் பார்த்தோம். மாலைப் பயணம் நாலரை மணி நேரம், சராசரி 78. அது வாரப் பங்கில் 22.5 சதவீதம். ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு 75க்கு வந்திருந்தது, நான்கு மணி நேரத்துக்கு 10 சதவீதம். டியூஷன் அதே 7.5. மொத்தம் 40 சதவீதம்.

மீதி 60 சதவீதத்தை நான் தொடவில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. அதே கம்பெனியின் இயர்போன் போட்டால் ஐபோன் காட்டும் எண் ஓரளவு நம்பத் தக்கது. வேறு கம்பெனியின் இயர்போன் எவ்வளவு சத்தம் எழுப்பும் என்று போனுக்குத் தெரியாது, உத்தேசமாகத்தான் காட்டும். உத்தேசம் மூன்று டெசிபல் பிசகினாலும் 40 சதவீதம் 80 ஆகும், அவ்வளவுதான். விளிம்பில் போய் நின்றிருந்தால் அந்தப் பிசகு எங்களைத் தாண்ட வைத்திருக்கும்.

அடுத்தது மகன். நான்காம் வகுப்பு, சாம்சங் டேப்லெட், குழந்தைகளுக்கென்றே விற்கும் நீல நிற ஹெட்போன். டப்பாவில் பெரிதாக 85 டெசிபல் என்று போட்டிருந்ததால் இவன் பக்கம் நான் திரும்பியே பார்க்கவில்லை. மகளுக்குக் கணக்குப் போட்ட பிறகுதான் அந்த 85 இடித்தது. அமெரிக்காவில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வேலை செய்யும் பெரியவர்களுக்காகப் பரிந்துரைத்த எல்லை அது. குழந்தைக்கான வாரக் கணக்கில் 85 என்றால் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். இவன் கார்ட்டூனும் கேமும் சேர்த்து வாரத்துக்குப் பத்து மணி நேரம் போடுகிறான்.

அந்த 85கூட உண்மையா என்று பார்க்க என்னிடம் கருவி எதுவும் இல்லை. ஆனால் வீட்டில் ஐபோன் இருக்கிறதே. பழைய வெள்ளை இயர்போனில் ஒரே பாட்டை ஓடவிட்டு, `Hearing` எண் 85 வரும்படி வைத்துக் கேட்டேன். உடனே கழற்றி மகனின் ஹெட்போனை மாட்டி, அதே பாட்டை டேப்லெட்டில் முழு வால்யூமில் கேட்டேன். இது சந்தேகமே இல்லாமல் அதிகம். ஒயர் ஹெட்போன்களில் சத்தத்தைக் குறைப்பது பெரும்பாலும் உள்ளே வைத்த ஒரு சின்ன ரெசிஸ்டர்தான். அது வரும் மின்சாரத்தை ஒரே விகிதத்தில் குறைக்கும், அவ்வளவுதான். வலுவாக அனுப்பும் கருவியில் மாட்டினால் வலுவாகத்தான் வரும். டப்பாவில் அச்சடித்த எண்ணுக்கு அது கட்டுப்படாது.

பிறகு இதையே தலைகீழாகச் செய்தேன். ஐபோனில் 75 வரும்படி வைத்து, டேப்லெட்டின் வால்யூமை அதே அளவு கேட்கும்வரை கூட்டிக் குறைத்தேன். மாற்றி மாற்றி நாலைந்து முறை. டேப்லெட்டின் கோட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இரண்டும் ஒன்றாகின. இது ஆய்வகத் துல்லியம் இல்லை, சில டெசிபல் முன்பின் இருக்கும். பாதியா முழுசா என்று தெரிய இது போதும். சாம்சங்கில் `Settings` → `Sounds and vibration` → `Volume` போய், மேலே மூன்று புள்ளியைத் தொட்டால் `Media volume limit` வரும். அதை ஆன் செய்து `Custom volume limit` கோட்டை நான் கண்டுபிடித்த இடத்தில் நிறுத்தினேன். அங்கேயே பின் நம்பர் போட்டுப் பூட்டும் வசதியும் உண்டு. இது பொத்தானுக்குப் போடும் மூடி என்பதால், ஹெட்போனை மாற்றினால் இந்த இடம் செல்லாது, மறுபடி கேட்டுப் பார்த்து வைக்க வேண்டும். ஒரே வால்யூமில் ஒரு ஹெட்போனுக்கும் இன்னொன்றுக்கும் பத்து டெசிபல்கூட வித்தியாசம் வரும்.

பிறந்தநாளுக்கு மாமா ஒரு ப்ளூடூத் ஹெட்போன் கொடுத்தபோது இது நினைவுக்கு வந்து திறந்த அன்றே பரிசோதித்தேன். ஹெட்போன் மேலுள்ள கூட்டல் பொத்தானை அழுத்தினால் டேப்லெட் திரையிலும் வால்யூம் கோடு நகர வேண்டும். நகர்ந்தால் இரண்டுக்கும் ஒரே வால்யூம், பூட்டு பிடிக்கும். இதில் கோடு அசையவில்லை, சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. அப்படியென்றால் டேப்லெட்டுக்கு ஒரு வால்யூம், ஹெட்போனுக்குத் தனி வால்யூம். டேப்லெட்டில் என்ன பூட்டுப் போட்டாலும் ஹெட்போன் பக்கம் திறந்த வீடுதான். ஹெட்போனின் வால்யூமை முழுக்க ஏற்றி வைத்து, அந்த நிலையில் டேப்லெட்டின் எல்லையை மறுபடி தேடி வைத்தேன். இனி அவன் அந்தப் பொத்தானை எப்படி அழுத்தினாலும் குறையத்தான் செய்யும்.

பையன் சும்மா இருப்பானா? போன வாரம் பார்த்தால் நீல ஹெட்போனை டிவியின் பின்னால் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். டேப்லெட்டில் போட்ட பூட்டு டிவிக்கு எப்படித் தெரியும்? "டிவில பூட்டு இல்லையேப்பா" என்று சிரித்தான். அன்றிலிருந்து டிவிக்கு ஸ்பீக்கர்தான். பக்கத்தில் படிக்கும் அக்காதான் இப்போது "சத்தத்தைக் குறை" என்று கத்துகிறாள்.